ஈட்டிய விடுப்பு: ஓய்வு கூலியாக மாறிய வரலாறு

அலுவலகங்களிலும் ஆலைகளிலும் அன்றாடம் புழங்கும் சொற்களில் ஒன்று ஈட்டிய விடுப்பு. பொருளை ஈட்டுவதுபோல ஓய்வையும் உழைத்து ஈட்ட வேண்டும் என்ற எண்ணம் இச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. பகலில் சற்று நேரம் படுத்தாலும் 'இன்று என்ன வேலை செய்துவிட்டோம்?' என்று பலருடைய மனம் உறுத்துகிறது. உடல்நலம் குன்றி விடுப்பு எடுத்தவர்கூடக் குற்றம் செய்தவர்போலத் தயங்கியே அதைச் சொல்கிறார். இந்த உறுத்தல் மனித இயல்பிலேயே உள்ளது என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஓய்வை உழைப்பின் கூலியாகக் கருதும் வழக்கம் குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட இடங்களில் வலுப்பெற்றது. அது பெரும்பாலும் இங்கிலாந்தில் உருப்பெற்று, ஆலைகள் வழியாகவும் சட்டங்கள் வழியாகவும் இந்தியாவுக்கு வந்தது.

நாட்காட்டி தந்த ஓய்வு

ஓய்வைக் கட்டளையாக வகுத்த பழைய மரபுகளுள் யூதர்களின் ஓய்வு நாள் குறிப்பிடத்தக்கது. ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஓய்வு என்பது அதன் விதி. வீட்டுத் தலைவர், மக்கள், பணியாளர், வேற்று நாட்டிலிருந்து வந்து தங்கியவர், எருது, கழுதை என அனைவருக்கும் அந்த ஓய்வு உரியது. ஆறு நாளில் யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று அந்த விதி கேட்பதில்லை. குறைவாக உழுத எருதுக்கும் ஏழாம் நாள் நுகத்தடி இல்லை. நாள் வந்தால் ஓய்வும் வந்தது.

இடைக்கால ஐரோப்பாவின் கிறித்தவத் திருநாட்களும் இவ்வாறே அமைந்தன. ஞாயிற்றுக்கிழமைகளோடு புனிதர்களின் பெயரால் ஆண்டு முழுவதும் திருநாட்கள் வந்தன. உழவரும் கைவினைஞரும் அந்நாட்களில் வேலையை நிறுத்தினர். தமிழகத்திலும் அமாவாசையன்று ஏர் பூட்டாத வழக்கம் உழவரிடையே உண்டு. மாட்டுப் பொங்கலன்று மாடுகளை வேலைக்குக் கட்டுவதில்லை. இவையும் உழைப்பின் அளவைப் பார்க்காமல் நாளைப் பார்த்துத் தரப்பட்ட ஓய்வுகளே.

அக்காலத்தில் சோம்பலைக் குற்றமாகக் கருதவில்லை என்று இதற்குப் பொருளில்லை. கிறித்தவத் துறவு மடங்களில் சோம்பல் பெரும் பாவங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. மடத்தின் நாள் மணியோசையால் வேளைகளாகப் பிரிக்கப்பட்டது. ஆயினும் சோம்பல் வேறு, ஓய்வு வேறு என்ற வேறுபாடு இருந்தது. திருநாளன்று வேலை செய்யாதவர் சோம்பேறி அல்லர். சொல்லப்போனால், அன்று வேலை செய்தவர்தான் தவறு செய்தவர்.

திருநாட்கள் நீங்கிய காலம்

பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தில் இந்த நிலை மாறத் தொடங்கியது. புனிதர் வழிபாட்டை மறுத்தவர்கள் அவர்கள் பெயரால் வந்த திருநாட்களையும் குறைத்தனர். இங்கிலாந்தில் 1552ஆம் ஆண்டுச் சட்டமொன்று, கொண்டாடத்தக்க திருநாட்களைப் பெயர் குறித்து வரையறுத்தது. அடுத்த நூற்றாண்டில் தூய்மைவாதிகள் எனப்பட்ட பியூரிட்டன் பிரிவினர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். ஞாயிறு ஒன்றே இறைவன் வகுத்த ஓய்வு நாள், மற்றவை மனிதர் கட்டியவை என்பது அவர்கள் கொள்கை.

அவர்கள் செல்வாக்குப் பெற்றிருந்த நாடாளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் முதலிய திருநாட்களை நீக்கி ஆணை பிறப்பித்தது. அதனால் ஒரு சிக்கல் எழுந்தது. தொழில் பழகும் சிறுவர்களுக்கும் வீட்டுப் பணியாளர்களுக்கும் அந்தத் திருநாட்களைத் தவிர வேறு விடுமுறை கிடையாது. ஆகவே மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அவர்களுக்குப் பொழுதுபோக்கு நாளாக ஒதுக்கப்பட்டது. இந்தச் செவ்வாய்க்கிழமைக்குச் சமயக் கதையோ புனிதரின் பெயரோ இல்லை. உழைப்பவருக்கு இடையிடையே இளைப்பாறல் தேவை என்ற ஒன்றே அதன் காரணம். அரசர் ஆட்சி 1660இல் மீண்டபோது திருநாட்களும் திரும்பின. ஆனால் ஓய்வைப் பற்றிய புதிய எண்ணம் மறையவில்லை.

அந்த எண்ணத்தை விரிவாக எழுதியவர்களுள் ஒருவர் ரிச்சர்டு பாக்ஸ்டர் என்னும் மறைப்பணியாளர். அவருடைய பெருநூலான 'கிறித்தவ வழிகாட்டி' 1673இல் வெளிவந்தது. ஒவ்வொருவருக்கும் இறைவன் ஒரு தொழிலை அழைப்பாகத் தந்திருக்கிறான். நேரம் இறைவனுடைய சொத்து. அதை வீணாக்கியவன் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது அதன் போக்கு. பாக்ஸ்டர் உறக்கத்தையும் விளையாட்டையும் முற்றாக மறுத்தவர் அல்லர். மீண்டும் கடமையைச் செய்வதற்கு உடலையும் மனத்தையும் தகுதிப்படுத்தும் அளவுக்கு அவை ஏற்கத்தக்கவை என்றார். கருத்து மாறியது இந்த இடத்தில்தான். ஓய்வு தனக்கென்று ஒரு மதிப்பை இழந்து, வேலைக்குத் துணைக்கருவி ஆயிற்று. அரிவாளைத் தீட்டுவது அறுப்பதற்கே என்றால், நெடுநேரம் தீட்டிக்கொண்டிருப்பவருக்குத் தானாகவே உறுத்தும்.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1904-05ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வில், முதலாளித்துவ மனப்பாங்குக்கும் இத்தகைய சமயக் கருத்துகளுக்கும் உள்ள உறவை விளக்கினார். பாக்ஸ்டரின் எழுத்து அவருக்கு முக்கியச் சான்று. வெபரின் கருத்து இன்றுவரை விவாதத்துக்கு உள்ளாகிறது. சீர்திருத்தத்துக்கு முன்பே இத்தாலிய நகரங்களில் வணிகக் கணக்கும் மணிக்கூண்டும் இருந்தன என்பதை எதிர்ப்பாளர்கள் காட்டுகின்றனர். சமயம் மட்டுமே இம்மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று சொல்ல இயலாது. உறுத்தலுக்குச் சொற்களைச் சமயம் தந்தது. அதை நிமிடக் கணக்காக ஆக்கியது தொழிற்கூடம்.

ஒரு தொழிற்கூடத்தின் விதிநூல்

இங்கிலாந்தின் வடகிழக்கில் ஆம்புரோஸ் குரோலி என்பவர் பெரிய இரும்புத் தொழிற்கூடங்களை நடத்தினார். 1700ஆம் ஆண்டை ஒட்டி, தம் பணியாளர்களுக்காக அவர் ஒரு விதிநூலைத் தொகுத்தார். வரலாற்றறிஞர் இ. பி. தாம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்நூலை எடுத்துக்காட்டிய பின் பலரும் இதை அறிந்தனர்.

குரோலியின் கணக்கு எளியது. காலை 5 மணி முதல் இரவு 8 மணி வரை 15 மணி நேரம். உணவு முதலியவற்றுக்கு ஒன்றரை மணி நேரம் கழித்தால் மீதம் பதின்மூன்றரை மணி நேரம். இது நிகர வேலை நேரம். மதுக்கடையில் இருந்த நேரம், விளையாடிய நேரம், உறங்கிய நேரம், புகைபிடித்த நேரம், பாடிய நேரம், செய்தித்தாள் படித்த நேரம், சண்டையிட்ட நேரம் ஆகிய அனைத்தையும் நீக்கிய பிறகே அது நிகராகக் கொள்ளப்படும்.

இதைக் கண்காணிக்கத் தனி ஆட்கள் அமர்த்தப்பட்டனர். ஒவ்வொரு நாட்கூலியாளும் எப்போது வந்தார், எப்போது வெளியேறினார் என்பதை நிமிடம் பிசகாமல் தாளில் குறிப்பது அவர்கள் பணி. மேற்பார்வையாளரைத் தவிர வேறு யாரும் கடிகார முள்ளைத் திருப்ப இயலாதபடி அது பூட்டி வைக்கப்பட்டது. கடிகாரத்தைப் பூட்ட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, அந்த நேரம் யாருடையது என்பதில் இருதரப்புக்கும் உடன்பாடு இல்லை என்று அறியலாம்.

பட்டியலில் உள்ளவற்றைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று விளங்கும். அவற்றுள் பெரும்பாலானவை குற்றங்கள் அல்ல. பாடுவதும் படிப்பதும் கண்ணயர்வதும் வேலையோடு கலந்தே நடந்து வந்தவை. பட்டறையில் இரும்பு காயும்வரை ஒருவர் பாடிக்கொண்டிருந்தால் அது வேலையா, ஓய்வா என்று முன்பு யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. வேலை முடிந்ததா என்பதே கேள்வியாக இருந்தது. குரோலியின் தாளில் அந்தப் பாட்டு கழிக்கப்பட வேண்டிய நிமிடங்களாக மாறியது.

அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின் 1748இல் இளம் வணிகர் ஒருவருக்குக் கூறும் அறிவுரையாக எழுதிய கட்டுரையில் இதே கணக்கை ஒவ்வொருவர் மனத்துக்குள்ளும் கொண்டுசென்றார். ஒருவர் நாளொன்றுக்குப் பத்து ஷில்லிங் ஈட்டக்கூடியவர். அரை நாள் சும்மா இருந்து ஆறு பென்ஸ் செலவழிக்கிறார். அவருக்கு ஆன செலவு அந்த ஆறு பென்ஸ் மட்டுமன்று, ஈட்டாமல் விட்ட ஐந்து ஷில்லிங்கும் சேர்ந்தது என்கிறார் பிராங்கிளின். குரோலிக்குக் கண்காணிப்பாளர் தேவைப்பட்டார். பிராங்கிளின் கணக்கைக் கற்றுக்கொண்டவருக்கு அவரே கண்காணிப்பாளர். யாரும் பார்க்காதபோதும் ஓய்வு உறுத்துவது இதனால்தான்.

புனிதத் திங்கள் மறைந்தது

உழைப்பாளர்கள் இக்கணக்கை எளிதில் ஏற்கவில்லை. துண்டுக்கூலிக்கு வேலை செய்த நெசவாளர்களும் செருப்புத் தைப்போரும் திங்கட்கிழமையைத் தாங்களாகவே விடுமுறையாகக் கொண்டனர். நாட்காட்டியில் இல்லாத ஒரு புனிதரின் நாள்போல அதைப் 'புனிதத் திங்கள்' என்று கேலியாக அழைத்தனர். செவ்வாயன்று மெல்லத் தொடங்கி, வியாழன், வெள்ளியில் இரவு வரை உழைத்து வாரக் கணக்கை முடித்துவிடுவார்கள். வேலையும் நடந்தது, ஓய்வும் கிடைத்தது.

நீராவி எந்திரம் வந்தபின் இது கடினமாயிற்று. எந்திரம் ஓடும்போது எல்லாரும் இருக்க வேண்டும். அபராதம், மணி, வாயிற்கதவைப் பூட்டுதல் என்பன பயன்படுத்தப்பட்டன. சிறுவயதிலேயே நேரந்தவறாமையைப் பழக்குவதில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளும் பங்கேற்றன. 1850ஆம் ஆண்டு ஆலைச் சட்டம், துணி ஆலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணியோடு வேலையை முடிக்கச் செய்தது. நாளடைவில் சனி அரைநாள் விடுமுறை பரவ, புனிதத் திங்கள் தேய்ந்தது. தொழிலாளர் எடுத்துக்கொண்ட ஓய்வு போய், அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஓய்வு வந்தது.

இக்கணக்கு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. நில வருவாயில் வாழ்ந்த பெருங்குடியினர் வேட்டையிலும் விருந்திலும் ஆண்டைக் கழித்தனர். அதை ஈட்டினீர்களா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. அதே காலத்தில், கூலி உயர்ந்தால் ஏழைகள் வேலைக்கு வரமாட்டார்கள், ஆகவே கூலி குறைவாக இருப்பதே நல்லது என்று எழுதியவர்கள் பலர். ஓய்வை ஈட்ட வேண்டும் என்ற விதி, உழைத்துப் பிழைப்பவர்களுக்கென்றே வகுக்கப்பட்டிருந்தது.

இந்திய ஆலைகளில்

பிரித்தானியர் ஆட்சியில் இந்தியாவில் பஞ்சாலைகள் தோன்றியபோது ஆலை மணியும் அபராதமும் உடன் வந்தன. நாட்காட்டி தந்த பழைய ஓய்வு நாட்கள் ஆலை வாயிலில் செல்லுபடியாகவில்லை. 1881ஆம் ஆண்டின் முதல் ஆலைச் சட்டம் குழந்தைத் தொழிலாளருக்கு மட்டும் மாதம் நான்கு நாள் விடுமுறை அளித்தது. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே தலைமையில் ஆலைத் தொழிலாளர் வார விடுமுறை கோரினர். 1890இல் பம்பாய் ஆலை உரிமையாளர்கள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர். அடுத்த ஆண்டுச் சட்டம் வார விடுமுறையை உறுதிசெய்தது.

சென்னையில் 1918ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பெரம்பூர் பகுதியிலிருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களே அதன் முதல் உறுப்பினர்கள். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்னின்று தொடங்கிய அச்சங்கத்துக்கு பி. பி. வாடியா தலைவரானார். அவர்களுடைய தொடக்கக் குறைகளுள் ஒன்று நண்பகல் உணவு இடைவேளை பற்றியது. அரைமணி நேரத்துக்குள் கை கழுவி, உண்டு, மீண்டும் எந்திரத்தின் முன் நிற்பது இயலாதிருந்தது. அதை 40 நிமிடமாக்க வேண்டும் என்று கேட்டனர். பத்து நிமிடத்துக்கு ஒரு சங்கம் வேண்டுமா என்று தோன்றலாம். ஆனால் நேரம் நிமிடமாக நறுக்கப்பட்ட இடத்தில் போராட்டமும் நிமிடங்களுக்காகவே நடக்கும்.

240 நாள் கணக்கு

சம்பளத்தோடு விடுமுறை என்பது பின்னர் வந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1936இல் வகுத்த உடன்படிக்கை, ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு ஆறு வேலை நாட்களேனும் சம்பளத்துடன் விடுமுறை வேண்டும் என்றது. இது தொழிலாளருக்குக் கிடைத்த பெரிய வெற்றி. ஆனால் 'ஓராண்டு பணியாற்றியவருக்கு' என்ற நிபந்தனையும் அதனுடன் சேர்ந்தே வந்தது.

இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஓய்வைப் பற்றிய இருவேறு எண்ணங்களும் அருகருகே இருந்தன. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரைமணி இடைவேளை தர வேண்டும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்ற விதிகள் ஒருபுறம். இவற்றுக்கு முன்நிபந்தனை இல்லை. நேற்று வேலையில் சேர்ந்தவருக்கும், மெதுவாக வேலை செய்பவருக்கும் இவை உண்டு. சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு மறுபுறம். அதற்கு ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். அப்படிச் செய்தவருக்கு அடுத்த ஆண்டில் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் விடுப்பு.

இதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். ஒரே ஆலையில் இருவர் தொடர்ந்து பணியாற்றுகின்றனர். ஒருவருக்கு 240 நாள் தேறியது. 240ஐ 20ஆல் வகுத்தால் அவருக்கு 12 நாள் விடுப்பு. மற்றவருக்கு நோயின் காரணமாக 239 நாளே தேறியது. அவருக்கு இந்த வகையில் விடுப்பு இல்லை. இருவரில் ஓய்வு மிகுதியாகத் தேவைப்படுபவர் நோயுற்றவரே. ஈட்டும் கணக்கு அந்தத் தேவையைப் பார்ப்பதில்லை. எல்லைக்கோடு ஒன்று இருப்பதால், அதைத் தொடவிடாமல் இடையில் பணி முறிவு காட்டும் வழக்கமும் உண்டாயிற்று. 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு இந்த 240ஐ 180ஆகக் குறைத்தது. கோடு இடம் மாறினாலும் கணக்கின் அமைப்பு அதுவே.

1948 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் பிரிவு, ஓய்வும் பொழுதும் ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. அங்கு ஈட்டுதல் என்ற பேச்சு இல்லை.

தாளில் ஏறாத உழைப்பு

ஓய்வு உழைப்பின் கூலியானால், உழைப்பு எங்கேனும் பதிவாக வேண்டும். வருகைப் பதிவேடு இல்லாத வேலைக்கு ஈட்டிய விடுப்பு இல்லை. சமைத்தல், துவைத்தல், குழந்தைகளையும் முதியோரையும் பேணுதல் என வீட்டில் பெண்கள் செய்யும் வேலைக்கு 240ஆம் நாள் என்று ஒன்று வருவதே கிடையாது. அலுவலகம் செல்பவர் ஞாயிற்றுக்கிழமை நெடுநேரம் உறங்கினால் அது வாரம் முழுதும் உழைத்ததன் பயன் எனப்படுகிறது. அதே வீட்டில் அன்றும் அடுப்பு எரிகிறது. பிற்பகலில் கண்ணயர்ந்த இல்லத்தரசி அழைப்பு மணி கேட்டதும் பதறி எழுவதும், தான் தூங்கவில்லை என்று சொல்வதும் பல வீடுகளில் காணக்கூடியவை. பணி ஓய்வு பெற்றவர்கள், வேலை தேடுவோர், மாற்றுத்திறனாளிகள், நீண்டகால நோயாளிகள் ஆகியோருக்கும் இதே நிலைதான். அவர்களுடைய நாளை யாரும் தாளில் குறிப்பதில்லை. ஆகவே அவர்கள் எவ்வளவு ஓய்ந்தாலும் அது தகுதியற்ற ஓய்வாகவே அவர்களுக்குத் தோன்றுகிறது.

உறுத்தல் எல்லாமே பொருளற்றது என்றும் சொல்லிவிட முடியாது. ஒருவர் வேலையைத் தட்டிக்கழிக்க, அந்தச் சுமை பக்கத்தில் இருப்பவர்மீது விழுந்தால், அங்கே எழும் உறுத்தல் நியாயமானது; அது இன்னொருவருக்குச் செய்த தீங்கைப் பற்றியது. யாருக்கும் தீங்கு இல்லாதபோதும், வேலைகள் முடிந்தபோதும், உடல் நோயுற்றபோதும் எழும் உறுத்தல் வேறு வகை. 'இன்று இதற்குத் தகுதியாக என்ன செய்தேன்?' என்பதே அது கேட்கும் ஒரே கேள்வி. அது 1700ஆம் ஆண்டின் விதிநூலிலிருந்தும் பிராங்கிளினின் ஐந்து ஷில்லிங் கணக்கிலிருந்தும் வந்த கேள்வி.

வார விடுமுறையும் உணவு இடைவேளையும் யாருடைய தகுதியையும் சோதிக்காமல் வாரந்தோறும் நாள்தோறும் வருகின்றன. அவற்றை எடுத்துக்கொள்ளும் எவரும், இதை ஈட்டினோமா என்று கணக்குப் பார்ப்பதில்லை. ஏழாம் நாள் நுகத்தடி இறக்கப்பட்ட எருதுக்கு இருந்த அதே உரிமை, ஆலைச் சட்டத்தின் அந்த இரண்டு விதிகளில் இன்னும் எஞ்சியிருக்கிறது.